ஓவர்டைம் அனுமதித் தணிக்கை: மண்டபம் பக்கத்து இறால் ஆலைக்கு ஒரு வழிமுறை

கேள்வி: மண்டபம் பக்கத்தில் இறால், நண்டு பதப்படுத்தும் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன் சார். மொத்தம் 140 பேர். ஓவர்டைம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாச் சீட்டிலும் சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கிறது. ஆனால் கேட்காமலே ஆட்கள் நிற்கிறார்கள் என்று முதலாளி சொல்கிறார். அனுமதி இல்லாத நேரத்தை எப்படிப் பிடிப்பது? எந்த செக்சனுக்கு உண்மையிலேயே அடிக்கடி தேவைப்படுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே பட்டியலை வைத்துப் பார்க்க முயன்றால் இரண்டுக்குமே தவறான விடைதான் கிடைக்கும். கடல் உணவு ஆலைகளின் சம்பளத் தணிக்கை பார்க்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்: அனுமதிச் சீட்டு தாறுமாறாக இருக்கும் செக்சன் ஒன்றாக இருக்கும், வாராவாரம் கூடுதல் நேரம் தேவைப்படும் செக்சன் வேறொன்றாக இருக்கும். தேவை அதிகமுள்ள செக்சனின் சீட்டுகள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பழகிப்போய்விட்டதால் தினமும் நாலு மணிக்கே சீட்டு எழுதி வாங்கிவிடுவார்கள். அதனால்தான் யாரும் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

முதலில் அனுமதி விஷயம். கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. மாதக் கடைசியில் கட்டாக உட்கார்ந்து போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். எந்த நேரத்தில் அனுமதி கொடுக்கப்பட்டது என்பதுதான் வேண்டும். உங்கள் ஓ.டி. சீட்டில் தேதி மட்டும் இருந்தால், "அனுமதித்த நேரம்" என்றும் "எத்தனை நிமிடத்துக்கு" என்றும் இரண்டு கட்டங்களை இன்றே சேர்த்துவிடுங்கள். சீட்டுப் புத்தகத்துக்கு வரிசை எண் இருக்க வேண்டும், இடையில் ஒரு எண் காணாமல் போனால் அதைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அனுமதி கேட்டு வாங்குகிற பழக்கம் இருந்தால் தாளைவிட அது நல்ல சாட்சி. செய்தி போன நேரத்தைப் பிறகு யாரும் மாற்ற முடியாது. அந்த உரையாடலை மாதாமாதம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பயோமெட்ரிக் பஞ்ச். இரண்டாவது அனுமதிச் சீட்டு. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: வேலை உண்மையில் நடந்ததைக் காட்டும் பதிவு. உரிப்பு செக்சனில் அது ஒவ்வொருவரும் உரித்த சதையை எடை போடும் சீட்டு. ஃப்ரீசிங்கில், ப்ளேட் ஃப்ரீசரில் சரக்கு ஏற்றி இறக்கிய நேரப் பதிவு. ரிசீவிங்கில், ஏற்றுமதித் தரத்துக்காக உங்கள் குவாலிட்டி ஆட்கள் எழுதும் மூலப்பொருள் வரவுப் பதிவேடு. லாட் எண், வந்த நேரம், வெப்பநிலை எல்லாம் அதில் இருக்கும். ஓ.டி.யால் லாபம் அடையாதவர் எழுதுவது என்பதால் இந்தப் பதிவேட்டை நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புவேன்.

பஞ்ச் பதிவை எடுத்தவுடன் அப்படியே நம்பிவிடாதீர்கள். மின்சாரம் போய் வந்தபின் மெஷினின் கடிகாரம் சில நிமிடங்கள் தள்ளி ஓடுவது உண்டு. அதை உங்கள் போன் நேரத்தோடு முதலில் ஒப்பிடுங்கள். இன்னொன்று உங்கள் தொழிலுக்கே உரியது. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் இறால் உரிக்கும் பெண்களின் விரல் நுனி ஊறிச் சுருங்கிவிடும், ரேகை மெஷினில் பதியாது. அதனால் சாயங்கால பஞ்ச்களில் கணிசமானவை "கையால் போட்டது" என்று யாரோ ஒருவர் கணினியில் நுழைத்தவையாக இருக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து, யார் நுழைத்தார், எந்த நேரத்தில் நுழைத்தார் என்று பாருங்கள். பத்து பேருக்கு 6.30 என்று ஒரே நேரம் முழு எண்ணாகப் போடப்பட்டிருந்தால் அது யாரோ உத்தேசமாகப் போட்டது. எடைச்சீட்டின் கடைசிப் பதிவோடு சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முக அடையாள மெஷின் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

பிறகு எக்செலில் ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒரு வரி என்று வையுங்கள். D-யில் ஷிப்ட் முடியும் நேரம், E-யில் வெளியே போன பஞ்ச், F-ல் அனுமதித்த நேரம், G-யில் அனுமதித்த நிமிடங்கள். நேரம் எல்லாம் தேதியோடு சேர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் கணக்கு உதைக்கும். வகை பிரிப்பதற்கு இது போதும்:

```
=IF(E2<=D2,"",IF(F2="","இல்லை",IF(F2<=D2,"முன்",IF(F2<=E2,"அவசரம்","பின்"))))
```

ஷிப்ட் முடியுமுன் அனுமதி வாங்கியிருந்தால் "முன்". ஷிப்ட் முடிந்தபின், ஆனால் ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கும்போதே வாங்கியிருந்தால் "அவசரம்". எல்லோரும் வீட்டுக்குப் போனபின் போட்டது "பின்". அனுமதியே இல்லாதது "இல்லை". கடற்கரையில் வேலை செய்யும் ஆலைக்கு "அவசரம்" என்ற வகை கட்டாயம் வேண்டும். லாரி தாமதமாக வரும், கம்ப்ரசர் நின்றுபோகும், சரக்கை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தால் சூப்பர்வைசர்கள் பொய்ச் சீட்டு எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

அனுமதித்த அளவுக்கு மேல் ஓடிய நிமிடங்களை இன்னொரு கட்டத்தில் எடுத்து, அதையும் "இல்லை" கணக்கில் சேருங்கள்:

```
=MAX(0,ROUND((E2-D2)*1440,0)-G2)
```

இந்தக் கணக்கு ஷிப்ட் முடிந்தபிறகான நேரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஷிப்ட் தொடங்குமுன் போட்ட பஞ்சால் ஓ.டி.யாக ஏறிய நிமிடங்களையும் தனிக் கட்டத்தில் எடுத்து "இல்லை" கணக்கில் சேருங்கள். எதிர்ப்பக்கமும் ஒரு முறை பாருங்கள். சீட்டில் மூன்று மணி நேரம், பஞ்சில் ஒன்றரை மணி நேரம், சம்பளம் மூன்று மணிக்கு என்று போயிருக்கும். சீட்டை வைத்துச் சம்பளம் போடும் கம்பெனிகளில் இது சாதாரணம்.

உங்கள் ஆலை அளவுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்களுடையதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உரிப்பில் 60 பேர், ஃப்ரீசிங்-பேக்கிங்கில் 32, ரிசீவிங்கில் 14, க்ளீனிங்கில் 14, கோல்ட் ஸ்டோர்-லோடிங்கில் 12, மெயின்டனன்ஸில் 8. செப்டம்பர் மாத ஓ.டி. மொத்தம் 1,180 மணி நேரம். பிரித்துப் பார்த்தால் முன் அனுமதி 520, அவசரம் 170, பின் கையெழுத்து 310, அனுமதி இல்லாதது 180.

முதலாளி பார்த்தவுடன் அந்த 180-ஐத்தான் பிடித்துக்கொள்வார். அதற்குள் போய்ப் பாருங்கள். செக்சன் வாரியாகப் பிரித்தால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வரும், ஒன்றும் புலப்படாது. வேன் ரூட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி வேன் 8 மணி ஷிப்டுக்கு 7.45-க்கே வந்துவிடுகிறது என்று வையுங்கள். இறங்கியதும் வரிசையாக விரல் வைத்துவிடுவார்கள். சம்பள சாஃப்ட்வேர் பஞ்ச் முதல் பஞ்ச் வரை நேரத்தைக் கூட்டும்படி அமைந்திருந்தால், 22 பேர், 24 நாள், தினம் 15 நிமிடம் என்று 132 மணி நேரம் யாரும் கேட்காமலே ஓ.டி. ஆகிவிடும். மணிக்கு 60 ரூபாய்க் கூலி என்றால் இரட்டிப்பில் 15,840 ரூபாய். இதில் தொழிலாளிமேல் ஒரு தவறும் இல்லை.

இதைத் தீர்க்குமுன் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அந்த 15 நிமிடத்தில் அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை கம்பூட்ஸ் மாட்டி, கை கழுவி, மேசைக்குப் போய்விடுகிறார்களா? எடைச்சீட்டின் முதல் பதிவு 8.05-க்கு இருந்தால் 8 மணிக்கு முன்பே உரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியானால் அது வேலை நேரம், பணம் கொடுத்தே ஆக வேண்டும். முதல் எடை வழக்கமாக 8.40-க்குத்தான் வருகிறது என்றால் வேன் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்து, சாஃப்ட்வேரில் ஷிப்ட் தொடக்க நேரத்தைச் சரியாக அமைத்தால் போதும். மீதி 48 மணி நேரம் சிதறிக் கிடக்கும். அதில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கி இரண்டே முக்கால் மணி நேரம் நின்ற வகையாகத்தான் இருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்த 310. இதில் 240 மணி நேரம் ஃப்ரீசிங்-பேக்கிங் செக்சனுடையது, எல்லாச் சீட்டிலும் அனுமதித்த நேரம் மறுநாள் காலை 9 மணியை ஒட்டியே இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தால் மோசடி மாதிரித் தெரியும். கேட்டுப் பாருங்கள்: "மேனேஜர் ஆறு மணிக்குப் போயிருவாரு சார். ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ரீசர்ல சரக்கு இருக்கு, எறக்காமப் போக முடியுமா? காலையில வந்ததும் கையெழுத்து வாங்கிருவேன்" என்று ராத்திரி சூப்பர்வைசர் சொல்வார். வேலை நடக்கும் நேரத்தில் அனுமதி கொடுக்க அதிகாரமுள்ள ஆள் உள்ளே இல்லை. அவருக்கே ஒரு நாளைக்கு இத்தனை ஆள், இத்தனை மணி என்று எல்லை வைத்து அனுமதி அதிகாரம் கொடுங்கள், அதற்கு மேல் என்றால் மேனேஜருக்கு வாட்ஸ்அப் செய்தி போக வேண்டும் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்த 240 "முன்", "அவசரம்" வகைகளுக்கு நகர்ந்துவிட்டால் பிரச்சினை அதிகாரம் இல்லாததுதான். அதிகாரம் கொடுத்தபிறகும் "பின்" கையெழுத்து தொடர்ந்தால் அப்போது அந்தச் சீட்டுகளை ஃப்ரீசர் பதிவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சரக்கு இறக்கிய நேரம் 7 மணி, ஓ.டி. 10 மணி வரை என்று வரும் நாட்களில்தான் உண்மையான கசிவு இருக்கும். அனுமதி கொடுக்கிறவரே தன் ஓ.டி.க்கும் கையெழுத்துப் போடுகிறாரா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஒன்றை முதலாளியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லை என்பதற்காகச் செய்த வேலைக்கு ஓ.டி. கூலியைப் பிடிக்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை செய்தால் இரட்டிப்புக் கூலி என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலிதான், அதோடு தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓ.டி. வாங்கலாம் என்ற நிபந்தனையும் இருக்கிறது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு ஓ.டி. கிடையாது என்று சில இடங்களில் சொல்வது தவறு. அவர்களுடைய முந்தைய மாதச் சராசரி வருமானத்தை வைத்து மணிக் கூலி கணக்கிடும் முறை பழைய சட்டத்திலேயே உண்டு. அனுமதியில்லாமல் ஆட்களை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நிறுத்தியவர்தான். கூலியைப் பிடித்தால் அடுத்த மாதம் பஞ்சை அடித்துவிட்டு வந்து வேலை செய்யச் சொல்வார்கள், உங்கள் பதிவுகள் மொத்தமும் பொய்யாகிவிடும். காண்ட்ராக்ட் ஆட்களின் பில்லையும் பாருங்கள். அங்கே ஓ.டி. என்று எழுதாமல் "அரை ஆள்" என்று ஏற்றியிருப்பார்கள்.

அடுத்து, எந்த செக்சனுக்குத் தேவை என்பது. மொத்த மணி நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஏமாந்துபோவீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 13 வாரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செக்சனிலும் எத்தனை வாரங்களில் ஓ.டி. வந்தது என்று எண்ணுங்கள். தலைக்கு ஒரு மணிக்குக் குறைவாக வந்த வாரத்தை விட்டுவிடலாம். நான் வைக்கும் கோடு இது: 13-ல் 9 வாரத்துக்கு மேல் வந்தால் அது நிரந்தரத் தேவை, ஆள் அமைப்பிலோ ஷிப்டிலோ கோளாறு இருக்கிறது. 4 வாரத்துக்குள் என்றால் அது நிகழ்ச்சி. இடையில் வருவதை இன்னொரு காலாண்டு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இந்தக் கணக்கில் கோல்ட் ஸ்டோர்-லோடிங் செக்சனின் மொத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் 3 வாரத்தில்தான் வந்திருக்கும். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய ரீஃபர் கண்டெய்னர் ராத்திரி வந்த நாட்கள் அவை. அதற்கு ஆள் சேர்ப்பது வீண். மெயின்டனன்ஸில் மணி நேரம் சின்னது, ஆனால் 13 வாரமும் வந்திருக்கும். அங்கே இன்னொரு கேள்வி கேளுங்கள்: அந்த நேரத்தில் முதல் இரண்டு பேரின் பங்கு எவ்வளவு? எட்டுப் பேரில் இரண்டே பேர் முக்கால் பங்கை எடுத்திருந்தால், அமோனியா கம்ப்ரசரை ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த இருவர்தான் என்று அர்த்தம். அந்த இடத்தில் மூன்றாவது ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் வழி. அந்த இருவரில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் உங்கள் குளிர்கிடங்கே ஆட்டம் கண்டுவிடும் என்பதால், ஓ.டி. கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இதைத் தள்ளிப்போட முடியாது.

முக்கியமான இடம் உரிப்பு. 13-ல் 12 வாரம் வந்திருக்கும், சீட்டு எல்லாம் சுத்தம், எல்லாமே "முன்" அனுமதி. இங்கேதான் கிழமை வாரியாகப் பிரிக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நாட்களைப் பிரித்துக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். திங்கள், புதன், சனி என்று விசைப்படகு கடலுக்குப் போனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் கரைக்கு வரும். உங்கள் ஓ.டி.யும் அந்த மூன்று நாளில்தான் குவிந்திருக்கும். மாதத்தில் அப்படி 13 நாள், நாளுக்கு 30 பேர், ஒன்றேகால் மணி நேரம் என்றால் ஏறத்தாழ 490 மணி நேரம். மொத்த 1,180-இல் பெரிய துண்டு இதுதான், எல்லாம் முறையான அனுமதியோடு.

இதைக் காட்டி, ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் கூடுதல் ஆள் கேட்பார். அவர் சொல்வது சரியா என்று எடைச்சீட்டில் பாருங்கள். படகு காலையில் கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு, லாரியில் ஏறி உங்கள் ரிசீவிங்குக்கு வரப் பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது என்று வரவுப் பதிவேடு காட்டினால், அந்த நாட்களில் 8 மணியிலிருந்து 10 மணி வரை 60 பேரும் முந்தைய நாளின் மிச்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எடைச்சீட்டில் அந்த இரண்டு மணி நேரம் ஏறக்குறைய காலியாக இருக்கும். காலையில் சரக்கில்லாமல் போன நேரத்துக்குச் சாயங்காலம் இரட்டிப்புக் கூலி கொடுத்து ஈடுகட்டுகிறீர்கள்.

படகு வரும் மூன்று நாட்களில் மட்டும் 30 பேரை 10 முதல் 7 வரையும் மற்ற 30 பேரை வழக்கம்போல 8 முதல் 5 வரையும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு மணி இடைவேளை போக எட்டு மணி நேரம். முன்பு 5 மணிக்கு மேல் உங்களுக்குக் கிடைத்தது 30 பேரின் ஒன்றேகால் மணி. இப்போது சாதாரணக் கூலியில் 30 பேரின் இரண்டு மணி நேரம் கிடைக்கும். 7 மணிக்கு முடியும்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உரிப்பில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். பெண்களை இரவு 7 மணிக்கு மேல் நிறுத்துவதற்குச் சம்மதம், பாதுகாப்பு, வீடு சேர்க்கும் வண்டி என்று தனி நிபந்தனைகள் உண்டு, அதற்கு மேனேஜர் சீட்டு மட்டும் போதாது. ஷிப்டை மாற்றுமுன் வேலை நேர அறிவிப்புப் பலகையைத் திருத்த வேண்டும், வேனுக்கு ஒரு நடை கூடும். அந்தச் செலவையும் கணக்கில் போடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் பேசுங்கள். அந்த 30 பேருக்கும் மாதம் 16 மணி நேர இரட்டிப்புக் கூலி நின்றுபோகும். சீட்டுக் கட்டவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் அவர்கள். முன்கூட்டியே சொல்லி, யார் 10 மணி ஷிப்டுக்கு வர விரும்புகிறார்கள் என்று கேட்டு, மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைக் கிலோ ஊக்கத்தொகையாகவோ வேறு வகையிலோ திருப்பிக் கொடுக்கும்படி முதலாளியிடம் நான் வலியுறுத்துவேன். காலையில் வீட்டுவேலை முடித்து வரலாம் என்பதால் 10 மணியை விரும்புகிறவர்களும் இருப்பார்கள். கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒரே ஆட்கள்தான் அந்த ஒன்றேகால் மணியும் நிற்கிறார்கள் என்றால் மாதம் 16 மணிக்குச் சற்று மேல், காலாண்டுக்கு 49 மணியை ஒட்டி வரும். பழைய சட்டத்தின் 64-ஆவது பிரிவு காலாண்டு ஓ.டி.க்கு வைத்த வரம்பு 50 மணி. ஒரு நாள் லாரி தாமதமானாலே தாண்டிவிடும். மாத மொத்தத்தில் இது தெரியவே தெரியாது, ஆள் வாரியான காலாண்டுக் கூட்டலில்தான் தெரியும். 40 மணியைத் தொட்டவரின் பெயர் சிவப்பில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் ஆலைக்குப் பொருந்தும் வரம்பு எது என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையையும் தனியாகப் பிரியுங்கள். வார விடுமுறையன்று வந்தவருக்கு மாற்று விடுமுறை கொடுக்க வேண்டும், அதை ஓ.டி. சீட்டில் எழுதி மூடிவிடக் கூடாது.

கடைசியாக, உங்கள் முடிவு சரியா என்று சோதிக்க இந்தக் கரையிலேயே வழி இருக்கிறது. காற்று பலமாக இருக்கிறது என்று மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காத நாட்கள், மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாட்கள் ஆகியவற்றை வரவுப் பதிவேட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த நாள் விசைப்படகுச் சரக்கு வந்திருக்காது. அன்றும் உரிப்பில் வழக்கமான ஓ.டி. ஓடியிருந்தால் படகைக் காரணம் சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கை: நாட்டுப்படகு நண்டும் வளர்ப்பு இறாலும் வேறு ஊர்களிலிருந்து வரும் சரக்கும் அன்றும் வந்திருக்கலாம். அதனால் படகு நாளை மட்டும் பார்க்காமல் அன்று உள்ளே வந்த கிலோவையும் பக்கத்தில் போடுங்கள்.

இதைவிடப் பெரிய சோதனை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-க்குத்தான் தொடங்குகிறது என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கேரளப் பக்கத்துச் சரக்கு உங்களுக்கு வரலாம், ஆனாலும் மொத்த வரவு இறங்கும். சென்ற தடைக்காலத்தின் எட்டு வாரங்களை எடுத்து, செக்சன் வாரியாக ஓ.டி. மணி நேரத்தையும் உள்ளே வந்த டன் கணக்கையும் பக்கம் பக்கமாக வையுங்கள். உரிப்பும் ரிசீவிங்கும் சரக்கோடு சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். சரக்கு பாதியாகி, ஃப்ரீசிங்-பேக்கிங் ஓ.டி. மட்டும் இறங்காமல் நின்றிருந்தால் அந்த எட்டு வாரத்தின் சீட்டுகளைத்தான் முதலில் மேசையில் விரிக்க வேண்டும்: அனுமதித்த நேரம், ஃப்ரீசரில் ஏற்றி இறக்கிய நேரம், வெளியே போன பஞ்ச் என்று மூன்றையும் ஒரே வரியில் வைத்து.